முத்தமா, கேள்வியா?

சீன மொழியில் ஒரு வாக்கியம்: வொ ஷியாங் வென் நீ. நான்கே அசைகள். ‘வொ’ என்றால் நான். ‘ஷியாங்’ என்றால் ஆசைப்படுதல். கடைசியில் வரும் ‘நீ’ ஒலியிலும் பொருளிலும் நம்முடைய நீயேதான். இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது, தற்செயலாக அமைந்த ஒற்றுமை. மிச்சமிருப்பது ‘வென்’. அகராதியைப் பார்த்தால், குரலைத் தாழ்த்திச் சொல்லும் ‘வென்’னுக்கு முத்தமிடுதல் என்று பொருள். குரலை உச்சியில் எடுத்துச் சடாரென்று கீழே இறக்கிச் சொல்லும் ‘வென்’னுக்குக் கேட்டல், அதாவது கேள்வி கேட்டல் என்று பொருள். முதலாவதைச் சொன்னால் ‘உன்னை முத்தமிட ஆசை’. இரண்டாவதைச் சொன்னால் ‘உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்’.

இந்த மொழியைப் புதிதாகக் கற்ற ஒருவர், மனத்தில் இருப்பதையெல்லாம் திரட்டி இந்த வாக்கியத்தைச் சொல்லி, தொனியைத் தவறவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவர் சிரிக்க மாட்டார், முகம் சுளிக்கவும் மாட்டார். ‘என்ன கேக்கணும்? கேளு’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். தவறு நடந்ததே அவருக்குத் தெரியாது. இவருக்கோ, தான் சொன்னது மறுக்கப்பட்டதா, மழுப்பப்பட்டதா என்று புரியாது. தொனி மொழிகளில் காதல் வாக்கியங்கள் தடம் மாறும் கதைகள் ஏராளம். பெரும்பாலானவை கேட்டுச் சிரிப்பதற்கென்றே சோடிக்கப்பட்டவை. இந்த ஒன்று மட்டும் உண்மையிலேயே ஆபத்தான இடம். ஏன் என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

வட சீனத்தின் பேச்சை அடிப்படையாகக் கொண்ட மாண்டரினில் நான்கு தொனிகள் உண்டு. இவை தவிர, தொனி அழுத்தம் இல்லாமல் லேசாகச் சொல்லப்படும் அசைகளும் உண்டு. முதல் தொனியில் குரல் மேலேயே சமமாக நிற்கும். இரண்டாவதில் நடுவிலிருந்து மேலே ஏறும். மூன்றாவதில் தாழ்ந்து, தனியாகச் சொன்னால் இறுதியில் சற்றே எழும். நான்காவதில் மேலிருந்து விழும். ஜாவ் யுவான்ரென் என்ற சீன மொழியியல் அறிஞர் 1930இல் இவற்றை எண்ணால் குறிக்க ஒரு வழி சொன்னார். ஒருவருடைய பேச்சுக்குரலின் அடிமட்டத்தை 1 என்றும் உச்சத்தை 5 என்றும் வைத்துக்கொண்டால், நான்கு தொனிகளும் முறையே 55, 35, 214, 51. இதில் கவனிக்க வேண்டியது, அளவுகோல் அவரவர் குரலுக்குள்ளேயே இருக்கிறது என்பது. கனத்த குரல் உள்ள ஆணின் 5, மெல்லிய குரல் உள்ள பெண்ணின் 2ஐ விடக் கீழே இருக்கலாம். அதனால் ஒன்றும் குழப்பம் வராது. கேட்பவர் ஓரிரு சொற்களிலேயே பேசுபவரின் எல்லையைப் பிடித்துக்கொள்கிறார்.

இப்போது நம் வாக்கியத்துக்கு வருவோம். வொ, ஷியாங், வென், நீ ஆகிய நான்குமே அகராதிப்படி மூன்றாம் தொனிச் சொற்கள், எல்லாம் தாழ்ந்தவை. ஆனால் மாண்டரினில் மூன்றாம் தொனி இரண்டு அடுத்தடுத்து வந்தால், முன்னது ஏறுதொனியாக மாறிவிடும். தமிழில் சொற்கள் சேரும்போது எழுத்து புணர்கிறதே, அதுபோல இங்கே தொனி புணர்கிறது. எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து இந்த மாற்றம் நடக்கும். ‘வென் நீ’ ஒரு கூறு. அதில் வென் ஏறிவிடுகிறது. ஏறிய வென்னுக்கு முன்னால் இருக்கும் ஷியாங் மாற வேண்டியதில்லை, தாழ்ந்தே நிற்கிறது. ஷியாங் தாழ்ந்து நிற்பதால் அதற்கு முன்னால் இருக்கும் வொ ஏறுகிறது. ஆக, இயல்பாகப் பேசும்போது முத்த வாக்கியத்தின் நடை இது: ஏறு, தாழ், ஏறு, தாழ். வேகமாகப் பேசினால் முதல் மூன்றுமே ஏறிவிடுவதும் உண்டு.

கேள்வி வாக்கியம்? வென் அங்கே நான்காம் தொனி. ஏறு, தாழ், இறங்கு, தாழ். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது அசையில் குரல் மேலே போகிறதா, கீழே வருகிறதா என்ற ஒரே வேறுபாடு. அந்த அசை கால் விநாடிகூட நீடிக்காது.

இன்னொரு நுட்பமும் இதற்குள் இருக்கிறது. அகராதியிலேயே ஏறுதொனியில் ஒரு ‘வென்’ உண்டு. அதற்கு மோந்து பார்த்தல் என்று பொருள். புணர்ச்சியில் ஏறிப்போன முத்தமும், பிறவியிலேயே ஏறுதொனி கொண்ட மோத்தலும் காதுக்கு ஒன்றுதான். சீனர்களாலேயே ஒலியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. எனவே சரியாக உச்சரிக்கப்பட்ட ‘உன்னை முத்தமிட ஆசை’ என்பது, ஒலியளவில் ‘உன்னை மோந்து பார்க்க ஆசை’ என்பதும்தான். ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. ஒரு மனிதரைப் பார்த்து அப்படிச் சொல்லும் சந்தர்ப்பம் அபூர்வம் என்பதால் காது முத்தத்தைத் தேர்ந்துகொள்கிறது. கேள்வியின் நிலைமை அப்படியல்ல. ‘உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்’ என்பது எந்த நேரத்திலும், யாரிடமும் சொல்லக்கூடியது. காதலைச் சொல்ல வருபவர் தயங்கித் தயங்கி முதலில் சொல்லக்கூடியதும் அதுவேதான். சூழலுக்கு அவ்வளவு பொருந்திவிடுவதால் கேட்பவருக்குச் சந்தேகமே எழுவதில்லை. தொனிப் பிழையில் எது உண்மையில் ஆபத்து என்பதற்கு இதுதான் அளவுகோல்: தவறிப்போய் வந்து நிற்கும் பொருளும் அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கேட்பவர் தானாகவே திருத்திக்கொண்டு கேட்டுவிடுவார்.

சரி, தாழ்ந்தோ ஏறியோ இருக்க வேண்டிய ‘வென்’, கற்பவர் வாயில் ஏன் இறங்குதொனியாக விழுகிறது? பயிற்சி போதாமை என்று சொல்லிவிடலாம். ஆனால் வகுப்பில் தனிச் சொல்லாகச் சொல்லும்போது சரியாகச் சொல்பவர்கள்கூட, மனத்திலிருந்து சொல்லும்போது தவறவிடுகிறார்கள். காரணம் அந்த மனம்தான் என்று நினைக்கிறேன். தொனி இல்லாத மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட நமக்கெல்லாம் குரலின் ஏற்ற இறக்கம் உணர்ச்சிக்கானது. தமிழில் ‘போ’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெடுக்கென்று இறக்கினால் கோபம். இழுத்துக் குழைத்தால் செல்லச் சிணுங்கல். மேலே தூக்கினால் ‘போகட்டுமா?’ என்ற கேள்வி. மூன்றிலும் சொல் மாறவில்லை, அகராதியில் மூன்றுக்கும் ஒரே பதிவுதான். சொல்பவரின் மனநிலை மட்டும் மாறுகிறது. வாக்கியத்தில் உயிரான ஒரு சொல்லுக்கு வரும்போது நாம் குரலை உயர்த்தி எடுத்து அழுத்தி இறக்குகிறோம். யாரும் கற்றுக்கொடுக்காமலே செய்கிறோம்.

அதே பழக்கத்தை மாண்டரினுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? வாக்கியத்தின் உயிர் ‘வென்’. அதில் அழுத்தம் விழுகிறது. குரல் உயர்ந்து எழுந்து சட்டென்று இறங்குகிறது. அது அப்பழுக்கில்லாத 51, நான்காம் தொனி. எவ்வளவு ஆசையோடு சொல்கிறாரோ அவ்வளவு தெளிவாக அது கேள்வியாகிறது. கவனக்குறைவால் வரும் பிழையாக இருந்தால், அக்கறையோடு சொல்லும்போது குறைய வேண்டும். இது அக்கறை கூடக்கூட அதிகமாகும் பிழை.

தாய்லாந்தின் மொழியில் இதே கதை வேறு வழியில் நடக்கிறது. தாய் மொழியில் ஐந்து தொனிகள்: நடு, தாழ், இறங்கு, உயர், ஏறு. அழகைப் புகழும் சொல் ‘சுவய்’. இது ஏறுதொனி, குரல் கீழே தொடங்கி மேலே வளைந்து செல்ல வேண்டும். ‘குன் சுவய்’ என்றால் நீங்கள் அழகாக இருக்கிறீர்கள். அதே சுவய்யை நடுத்தொனியில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொன்னால் துரதிர்ஷ்டம், பீடை என்று பொருள். இது தாய் மொழிக்குச் சீனக் குடியேறிகளிடமிருந்து வந்த சொல். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இதன் உடன்பிறப்பு நன்றாகவே தெரியும். அங்கே காரியம் கெட்டுப்போகும்போது ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்த ‘சுவே’ என்ற சொல்லை எல்லா இனத்தவரும் சொல்வார்கள்.

இங்கே பிழை வருவது அழுத்தத்தால் அல்ல, வாக்கியம் முடிவதால். ‘நீங்கள் அழகாக இருக்கிறீர்கள்’ என்பது ஒரு செய்தி. செய்தியைச் சொல்லி முடிக்கும்போது நம் குரல் தானாகத் தணியும். தமிழில் கடைசிச் சொல் மேலே ஏறினால் அது கேள்வியாகிவிடும் என்பதால், ஏறவிடாமல் அடக்குவது நமக்கு ஊறிப்போன பழக்கம். ஆனால் ‘குன் சுவய்’ வாக்கியத்தில் கடைசிச் சொல்தான் ஏற வேண்டிய சொல். உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர் அதைத் தட்டையாக்கிவிடுகிறார். தட்டையானது நடுத்தொனி. புகழ்ச்சி சாபமாகிறது. ஆரம்ப நிலையில் கற்பவர்கள் பலர், ஏறுதொனியைச் சரியாகச் சொல்லும்போது தாங்கள் கேள்வி கேட்பதாக உணர்கிறார்கள். ‘நீங்கள் அழகா?’ என்று சந்தேகப்படுவது போல அவர்களுக்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் வந்தால் பெரும்பாலும் தொனி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

எழுத்தில் இந்த இரண்டு சுவய்களும் குழம்ப வழியே இல்லை. தாய் எழுத்து, பல்லவர் எழுத்திலிருந்து கெமேர் எழுத்து வழியாக வந்தது. வடமொழியின் மூன்று ச-வகை எழுத்துகளையும் அது அப்படியே வைத்திருக்கிறது. குழந்தைகளுக்குக் கற்றுத்தரும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருளின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்த மூன்றும் முறையே சாலா-ச (நம் பாடசாலையில் வரும் அதே சாலை), ரிஷி-ச, புலி-ச. இவை தவிர தாய் மொழிக்கென்றே உண்டான நான்காவது ஒன்று, சங்கிலி-ச. இன்று நான்குக்கும் உச்சரிப்பு ஒன்றே. முன்பு சங்கிலி-ச அதிர்ந்து ஒலித்தது, ஆங்கிலத்தின் ‘ஸூ’வில் வருவது போல. காலப்போக்கில் அதிர்வு மறைந்தது. ஆனால் அதிர்ந்த எழுத்தும் அதிராத எழுத்தும் பின்னால் வந்த குரலை வெவ்வேறாகப் பாதித்திருந்தன. அந்த வேறுபாடு தொனியாகத் தங்கிவிட்டது. அழகு புலி-சவில் எழுதப்படுகிறது. தொனிக்குறி எதுவும் இல்லாமலே அது ஏறுதொனி. பீடை சங்கிலி-சவில் எழுதப்படுகிறது, அது நடுத்தொனி. ஆகவே தாய் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு எந்தத் தொனி என்ற விவரம் கண் முன்னாலேயே இருக்கிறது. ரோமன் எழுத்தில் அச்சிட்ட பயணக் கையேடுகளை வைத்துக்கொண்டு பேசக் கற்றவர்களுக்குத்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. தாய் மொழியில் ஒருவரிடம் மனம்விட்டுப் பேச நினைப்பவர் முதலில் எழுத்தைக் கற்றுக்கொள்வது நல்லது என்பேன். தமிழ் படித்தவருக்கு அந்த எழுத்தின் அமைப்பு புதிதாக இருக்காது. உயிர்க்குறிகள் மெய்யின் முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒட்டிக்கொள்வது நமக்குப் பழகியதுதான்.

ஆனாலும் சுவய் விஷயத்தில் சூழல் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். புன்னகையோடு ஒருவர் வந்து உங்களைப் பீடை என்று சொல்ல மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். தாய்லாந்தில் சூழலும் கைவிட்டுவிடும் இடம் வேறொன்று. அதுதான் ‘க்ளாய்’.

இறங்குதொனியில் ‘க்ளாய்’ என்றால் அருகில். நடுத்தொனியில் ‘க்ளாய்’ என்றால் தொலைவில். அருகும் தொலைவும் ஒரே மெய், ஏறக்குறைய ஒரே உயிர். அருகு கொஞ்சம் குறுகி ஒலிக்கும். மற்றபடி குரலின் போக்கு ஒன்றே வித்தியாசம். ‘யாக் யூ க்ளாய் குன்’ என்றால் உங்கள் அருகில் இருக்க ஆசை. க்ளாய் இறங்காமல் சமமாக நின்றுவிட்டால் உங்களை விட்டு விலகி இருக்க ஆசை. தாய் பேச்சில் இந்தச் சொற்களை இரட்டித்துச் சொல்வது வழக்கம். இரட்டித்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும். அருகு இரட்டித்தால் ‘பக்கத்துலேயே இரு’ என்ற குழைவு. தொலைவு இரட்டித்தால் ‘தூரப் போ’ என்று விரட்டுவது. பிரிவைப் பற்றியோ சேர்ந்திருப்பதைப் பற்றியோ இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு பொருளும் அந்த இடத்துக்குப் பொருந்தும். கேட்பவர் திருத்திக்கொள்ள முடியாது.

எழுத்தில் அருகுக்குத் தலையில் ஒரு குறி உண்டு, ‘மய் தோ’ என்று பெயர். தொனிக்குறிகள் நான்கு: மய் ஏக், மய் தோ, மய் திரி, மய் சத்தவா. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும் வடமொழிச் சொற்கள்தான் அவை என்பது நமக்குப் பார்த்தவுடன் தெரியும். தொலைவுக்குக் குறி இல்லை. அருகில் வருவதற்குக் குரல் இறங்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்தச் சொல்லில் நாம் தவறுவது, குரலைப் போதுமான உயரத்தில் தொடங்காததால். தாய் இறங்குதொனி உச்சிக்கு அருகில் தொடங்கிச் சரிவது. நடுவிலேயே தொடங்கிக் கொஞ்சம் இறக்கினால் கேட்பவர் காதில் அது நடுத்தொனியாகவே விழும்.

இவ்வளவையும் படித்தபின் ஒரு கேள்வி எழலாம். குரலின் ஏற்ற இறக்கம் முழுவதும் சொல்லுக்கே செலவாகிவிட்டால், சீனரும் தாய்லாந்தவரும் ஆசையை எதில் காட்டுவார்கள்? மேலே சொன்ன ஜாவ் யுவான்ரென் இதற்கு ஓர் உவமை சொன்னார். பேரலையின் மேல் சிற்றலைகள் ஓடுவதைப் போல, வாக்கியத்தின் பெரிய ஏற்ற இறக்கத்தின் மேல் சொற்களின் சின்னத் தொனிகள் ஓடுகின்றன என்றார். உணர்ச்சி மிகும்போது சீனரின் குரல் எல்லையே விரியும் அல்லது முழுவதுமாக மேலே நகரும். ஏற வேண்டியது இன்னும் அதிகமாக ஏறும், இறங்க வேண்டியது இன்னும் அதிகமாக இறங்கும். ஏறுவது இறங்குவதாக மாறாது. கூடவே சொற்களை நீட்டுவார்கள். இன்னொன்று, உணர்ச்சிக்கென்றே தனியாகச் சின்னஞ்சிறு அசைகளை வைத்திருக்கிறார்கள். தாய் மொழியில் ‘சுவய் சங்’ என்று ஒரு ‘சங்’ சேர்த்தால் ‘எவ்வளவு அழகு!’ என்ற வியப்பு வந்துவிடும். வாக்கிய முடிவில் ‘நா’ சேர்த்தால் கொஞ்சல். மாண்டரினில் ‘ஆ’, ‘நெ’, ‘மா’ என்று பல உண்டு. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளத் தமிழர் கஷ்டப்பட வேண்டியதில்லை. ‘நீதான்’, ‘நீயே’, ‘நீயா’ என்று ஓர் அசையை ஒட்டி அழுத்தத்தையும் கேள்வியையும் காட்டுபவர்கள் நாம். குரலில் வைக்கிற அழுத்தத்தை அந்த அசைக்கு மாற்றிவிட்டால் நடுவில் இருக்கும் சொல்லின் தொனி தப்பிக்கும். ‘சுவய் சங்’ சொல்பவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. வாக்கியம் முடியும்போது தணிகிற நம் பழக்கம் ‘சங்’கின் மேல் விழுந்துவிடும். சுவய் ஏறியபடியே இருக்கலாம்.

ஜாவ் தொனியை ஆராய்ந்தவர் மட்டுமல்ல, இசையமைப்பாளரும்கூட. நவீனச் சீனத்தின் புகழ்பெற்ற காதல் பாடல்களில் ஒன்றான ‘அவளை எப்படி நினைக்காமலிருப்பேன்’ என்ற கவிதைக்கு 1926இல் அவர் மெட்டமைத்தார். கவிதையை 1920இல் லண்டனில் இருந்தபோது எழுதியவர் லியு பன்னோங். அவரும் தொனி ஆராய்ச்சியாளர்; சீனத் தொனிகளைக் கருவியில் பதிந்து அளந்து, 1925இல் பாரிசில் முனைவர் பட்டம் பெற்றவர். தொனியை அளந்த இருவர் சேர்ந்து ஏக்கத்தைப் பாடலாக்கியதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. இன்றைய மாண்டரின் சினிமாப் பாடல்களில் மெட்டு பெரும்பாலும் சொல்லின் தொனியைப் பொருட்படுத்துவதில்லை. கேட்பவர்கள் வாக்கியத்தை வைத்துப் பொருள் கண்டுகொள்கிறார்கள். எனவே பாட்டைக் கேட்டு வரியை மனப்பாடம் செய்து காதலியிடம் பேச்சாகச் சொல்வது சரியான வழி அல்ல. பாட்டில் இருப்பது மெட்டின் ஏற்ற இறக்கம்.

சீனர் காதில் தொனிக்கு எவ்வளவு எடை என்பதற்கு அவர்களுடைய எண் விளையாட்டு ஒன்றே நல்ல சான்று. 520 என்று குறுஞ்செய்தி அனுப்பினால் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று பொருள். மே 20 அங்கே இணையத்தில் காதலர் தினமாகவே ஆகிவிட்டது. எண்களைப் படித்தால் ‘வூ அர் லிங்’. காதல் வாக்கியம் ‘வொ ஆய் நீ’. மெய்யும் உயிரும் அவ்வளவாக ஒட்டவில்லையே என்று நமக்குத் தோன்றும். தொனியைப் பாருங்கள்: ஐந்தும் ‘நான்’ என்ற சொல்லும் மூன்றாம் தொனி, இரண்டும் ‘காதல்’ என்ற சொல்லும் நான்காம் தொனி. கடைசி அசையில் மட்டும்தான் விலகல்.

வீட்டில் தனியாக இருந்து பழக நினைப்பவருக்கு ஒரு வழி உண்டு. கைபேசியில் முத்த வாக்கியத்தையும் கேள்வி வாக்கியத்தையும் மாறி மாறிப் பதிவு செய்யுங்கள். மறுநாள், எது எது என்று குறித்து வைக்காமல் கேளுங்கள். உங்களாலேயே பிரிக்க முடியவில்லை என்றால் இன்னொருவராலும் முடியாது. கண்ணால் பார்க்க விரும்பினால் Praat என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் உருவாக்கியது. பதிவைத் திறந்தால் குரலின் உயரம் ஒரு கோடாகத் தெரியும். மூன்றாவது அசையில் கோடு மேலே ஏறினால் முத்தம், சரிந்தால் கேள்வி. முழுதாகத் தாழும் மூன்றாம் தொனியில் கோடு நடுவில் அறுந்துபோகலாம். பிழை என்று பயப்பட வேண்டாம். குரல் அடிமட்டத்துக்குப் போகும்போது கரகரக்கும், கரகரப்பை மென்பொருளால் கோடாக வரைய முடியாது. சீனர்களின் பதிவிலும் அப்படித்தான் இருக்கும். காதோடு காதாகக் கிசுகிசுப்பவர்களுக்கு ஒரு தகவல்: கிசுகிசுப்பில் குரல்நாண் அதிர்வதில்லை, எனவே உயரமே இல்லை. அப்போது அசையின் நீளமும் ஒலியின் ஏறுவலிவும்தான் துணை. இறங்குதொனி குட்டையாக முடியும், தாழ்தொனி நீளும். முழுமையாக அது ஈடுகட்டாது. புதிதாகக் கற்பவர் முக்கியமான வாக்கியத்தைக் கிசுகிசுக்காமல் குரலோடு சொல்வது நல்லது.

எல்லாம் செய்தும் ‘என்ன கேக்கணும்?’ என்ற பதில் வந்துவிட்டால்? இயல்பாக எவரும் செய்வது, அதே வாக்கியத்தைத் திரும்பவும், இன்னும் அழுத்திச் சொல்வது. அதைச் செய்யக் கூடாது. அழுத்தம் கூடினால் நான்காம் தொனி இன்னும் துல்லியமாகிறது, இரண்டாவது முறையும் அது கேள்வியாகவே போய்ச் சேரும். சொல்லை மாற்ற வேண்டும். உண்மையில் இந்த ‘வென்’ ஏட்டு வாடை கொண்ட சொல், கதையிலும் பாட்டிலும் வருவது. பழகும் காதலர்கள் பேச்சில் சொல்வது ‘ச்சின்’. முதல் தொனி, குரலை உயரத்தில் வைத்து அங்கேயே நிறுத்தினால் ஆயிற்று. பக்கத்தில் வேறு பொருள் காத்துக்கொண்டிருக்கவில்லை. ‘ச்சின் ஈ ஷியா’ என்றால் ஒரு முத்தம். தாய்லாந்திலும் இதே உபாயம்தான்: க்ளாய் தனியாக நம்பிக்கை தராவிட்டால் ‘க்ளாய் ச்சித்’ என்று சொல்லுங்கள். ‘ச்சித்’ ஒட்டியிருப்பதைக் குறிக்கும் சொல். அது பின்னால் வந்துவிட்டால், முன்னால் வரும் க்ளாய் கொஞ்சம் பிசகினாலும் அதைத் தொலைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.